அந்தத் தேதி எங்கிருந்து வந்தது?

2021-ஆம் ஆண்டு மைக்ரோகன்ட்ரோலர் வாங்கப் போனவர்கள் பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: 52 வாரம். கோவையில் பம்ப் ஸ்டார்ட்டர் போர்டு செய்பவருக்கும் அதே பதில், ஓசூரில் வாகன மீட்டர் செய்பவருக்கும் அதே பதில். பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர் அந்த எண்ணை எழுதிக்கொண்டு போய் முதலாளியிடம் சொல்வார். முதலாளி, "இன்னும் நாலு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க" என்பார். அந்த நாலு பேரும் 52 வாரம் என்பார்கள். அத்தோடு எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த நாட்களில் வாங்குபவர்கள் பக்கமும் விற்பவர்கள் பக்கமும் உட்கார்ந்து பேசியவன் என்ற முறையில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். "எப்போது வரும்?" என்று கேட்டவர்களுக்கு 52 வாரம் கிடைத்தது. "நீங்கள் சொல்லும் தேதி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டவர்களுக்குச் சில சமயம் சிப்பே கிடைத்தது. இந்த வாரம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இத்தகைய பற்றாக்குறை அந்த ஒரு முறையோடு முடிந்துபோவதில்லை. 2018-இல் செராமிக் கெப்பாசிட்டருக்கும் இப்படித்தான் வரிசை நின்றது.

2021-இல் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-இன் தொடக்கத்தில் கொரோனா வந்ததும் கார் நிறுவனங்கள் ஆர்டர்களை ரத்து செய்தன. அந்த இடத்தை லேப்டாப்பும் வீட்டு மின்னணுச் சாதனங்களும் பிடித்துக்கொண்டன. ஆண்டு இறுதியில் கார் விற்பனை திரும்பியபோது தொழிற்சாலைகளில் இடமில்லை. அதன்மேல், 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயலால் மின்சாரம் நின்று ஆஸ்டின் நகரின் சிப் ஆலைகள் மூடப்பட்டன. மார்ச் 19 அன்று ஜப்பானில் ரெனிசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பிடித்தது. அமெரிக்க வணிகத்துறை பின்னர் நிறுவனங்களிடம் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சிப் வாங்குபவர்கள் 2019-இல் இடைநிலை அளவாக 40 நாள் இருப்பு வைத்திருந்தார்கள், 2021-இல் அது 5 நாளுக்கும் கீழே போய்விட்டது என்றது அந்த அறிக்கை. எங்கோ ஓர் ஆலை ஒரு வாரம் நின்றால் இங்கே லைன் நின்றுவிடும் என்கிற நிலை அது.

இப்போது 52-க்கு வருவோம். ஒரு சிப்பைச் செய்ய உண்மையில் எவ்வளவு காலம் ஆகும்? சிலிக்கான் தகடு ஆலைக்குள் நுழைந்து நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதமோ, அதற்குச் சற்று மேலோ ஆகும். பிறகு அதை அறுத்து, கால் வைத்து, உறை மூடி, சோதித்து அனுப்ப இன்னும் சில வாரங்கள். எல்லாம் சேர்த்து நாலைந்து மாதம், அதிகம் போனால் அரை வருடம். அப்படியானால் 52 வாரத்தில் பாதிக்கு மேல் வேலை நடக்கும் நேரமில்லை. நமக்கு முன்னால் நிற்பவர்களின் வரிசை அது. வரிசையின் நீளம் மாறும். முன்னால் நிற்பவர் விலகினால் குறையும், ஒரு பெரிய ஆள் புகுந்தால் கூடும். ஆகவே 52 என்பதை வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, கதவடைப்பு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் 'லீட் டைம்' என்று ஒரு கட்டம் இருக்கும். தயாரிப்பாளர் எப்போதாவது அதைப் புதுப்பிப்பார். நீங்கள் இன்று ஆர்டர் போட்டால், கணினி இன்றைய தேதியோடு அந்த வாரங்களைக் கூட்டி ஒரு தேதியைக் காட்டும். அந்தத் தேதியை ஆலையில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். வெறும் கூட்டல் கணக்கு அது. இதற்கு நேர்மாறாக, தயாரிப்பாளர் உங்கள் ஆர்டர் வரிசையைப் பார்த்து, "இந்த வாரம் இத்தனை எண்ணிக்கை அனுப்புகிறேன்" என்று உறுதி செய்து திருப்பி அனுப்பும் தேதி ஒன்று உண்டு. திட்டமிட வேண்டுமானால் அந்தத் தேதியை வைத்துத்தான் திட்டமிட முடியும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. இன்று ஒரு தேதி கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே பாகத்துக்கு மறுபடி கேளுங்கள். தேதி சரியாக இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தால் அது கணினி கூட்டிச் சொன்னது. ஆலை கொடுத்த தேதி நீங்கள் கேட்கிற நாளைப் பொறுத்து நகராது. நகர்ந்தாலும் மூன்று வாரம், ஆறு வாரம் என்று ஒழுங்கில்லாமல்தான் நகரும். ஒரே நிறுவனத்தின் பத்து விதமான பாகங்களுக்கும் ஒரே வார எண்ணிக்கை வந்தாலும் சந்தேகப்படலாம். பத்துக்கும் வரிசை ஒரே நீளத்தில் இருக்க வாய்ப்பில்லை.

இதிலிருந்து கசப்பான ஒன்றும் தெரிகிறது. ஆர்டர் போடாதவருக்கு ஆலையின் தேதி கிடைக்காது. விலைப்புள்ளி கேட்டு அனுப்பும் மெயிலுக்கு வரிசையில் இடமில்லை. பர்ச்சேஸ் ஆர்டர் உள்ளே போன பிறகுதான் உங்கள் பெயர் வரிசையில் ஏறும். "தேதி சொல்லுங்கள், பிறகு ஆர்டர் தருகிறேன்" என்று மூன்று மாதம் காத்திருந்தவர்கள் மூன்று மாதம் பின்னால் போனார்கள்.

அடுத்தது அலோகேஷன், அதாவது பங்கீடு. கேட்பவர்கள் கேட்கும் அளவுக்குச் சரக்கு இல்லாதபோது, தயாரிப்பாளர் தன் உற்பத்தியை நாடுவாரியாக, பெரிய வாடிக்கையாளர்வாரியாக, டிஸ்ட்ரிபியூட்டர்வாரியாகப் பிரிப்பார். டிஸ்ட்ரிபியூட்டர் தன் பங்கை வாங்கி மறுபடி பிரிப்பார். ஆக, பங்கீடு இரண்டு இடத்தில் நடக்கிறது. உங்களுக்குக் கிடைக்காதது எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் யாரிடம் பேச வேண்டும் என்பது தெரியும். தயாரிப்பாளரே இந்த நாட்டுக்கு அனுப்பவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரிடம் சத்தம் போட்டுப் பயனில்லை. தயாரிப்பாளரின் இந்திய அலுவலகத்தில் உங்கள் பகுதியைப் பார்க்கும் விற்பனைப் பொறியாளரிடம்தான் போக வேண்டும். சரக்கு வந்தும் வேறு யாருக்கோ போயிற்று என்றால் டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேசலாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் எப்படிப் பிரிப்பார்? சிலர் ஆர்டர் தேதிப்படி கொடுப்பார்கள். சிலர் போன வருடம் வாங்கிய அளவைப் பார்ப்பார்கள். சிலர் எல்லோருக்கும் கேட்டதில் இத்தனை சதவீதம் என்று வெட்டுவார்கள். இந்தக் கடைசி முறைதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும் என்று தெரிந்தால் மூன்று மடங்கு கேட்கத்தானே தோன்றும்? ஒருவர் கேட்டால் பரவாயில்லை. எல்லோரும் கேட்டால் பங்கு ஒன்பதில் ஒன்றாகிவிடும், உண்மையான தேவை இம்மியளவும் கூடாமலே. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஹாவ் லீயும் அவரது இரண்டு சகாக்களும் 1997-இல் எழுதிய கட்டுரையில், விநியோகச் சங்கிலியில் சின்ன அசைவு பெரிய அலையாக மாறுவதற்கான நான்கு காரணங்களில் ஒன்றாக இதைச் சொன்னார்கள். பற்றாக்குறையின்போது கேட்பின் அளவைப் பார்க்காமல் முந்தைய விற்பனையைப் பார்த்துப் பங்கிடுங்கள் என்பது அவர்கள் தந்த யோசனை. நான்கு வருடம் கழித்து, 2001-இல், சிஸ்கோ நிறுவனம் இருநூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சரக்கை நஷ்டக் கணக்கில் எழுதியது. ஒரே தேவைக்குப் பல இடங்களில் போடப்பட்ட ஆர்டர்களை உண்மையான தேவை என்று எண்ணி வாங்கிக் குவித்ததும் அந்த நஷ்டத்துக்கு ஒரு காரணம்.

நம் ஊரில் இது எப்படி நடந்தது என்றால், ஒரே 5,000 சிப்புக்கு ஐந்து டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஆர்டர் போட்டார்கள். முதலில் வருவதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்ற எண்ணம். ஆனால் அங்கீகாரம் பெற்ற டிஸ்ட்ரிபியூட்டர்கள் யாருக்காகச் சரக்கு கேட்கிறோம் என்று தயாரிப்பாளரிடம் வாடிக்கையாளர் பெயரைச் சொல்லிக் கேட்பது வழக்கம். ஐந்து பக்கத்திலிருந்தும் ஒரே பெயரும் ஒரே எண்ணிக்கையும் வந்து சேர்ந்தால், ஐந்தையும் நம்பாமல் ஓரமாக வைப்பதுதான் அவர்களுக்கு எளிது. ஓர் இடத்தில் ஆர்டரை நிலையாக வைத்து, இன்னோர் இடத்தில் "இருந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்று விசாரித்து வைப்பது போதும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவையில் விவசாய மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் செய்யும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் இருப்பது STM32F103C8T6. 2007-இல் வந்த குடும்பம் அது. உலகம் முழுக்கச் சின்னச் சின்ன போர்டுகளில் எல்லாம் அதுதான், ஆகவே பற்றாக்குறையில் சீக்கிரம் காணாமல் போனவற்றில் அதுவும் ஒன்று. நம் நிறுவனம் மாதம் 800 ஸ்டார்ட்டர் செய்கிறது. ஜூலை முதல் தேதி கையில் 1,900 சிப் இருக்கிறது. இதே வேகத்தில் போனால் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் லைன் நிற்கும்.

வழக்கமாக இங்கே என்ன செய்வார்கள்? "மிகவும் அவசரம், 10,000 வேண்டும், எப்போது கிடைக்கும்?" என்று மெயில் போடுவார்கள். அன்று டிஸ்ட்ரிபியூட்டரின் இன்சைட் சேல்ஸ் பெண்ணுக்கு அதே வாசகத்தில் வந்திருக்கும் மெயில்கள் ஏராளம். அவரும் 52 வாரம் என்று பதில் எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 10,000 என்ற எண்ணை வைத்து அவரால் எதுவுமே செய்ய முடியாது.

நான் சொல்வது, முதலில் வீட்டுக்குள் கணக்குப் பாருங்கள். மாதம் 800-இல் உறுதியான ஆர்டருக்குப் போவது எவ்வளவு, டீலர் கடைகளில் இருப்பு வைக்கப் போவது எவ்வளவு? 500-க்கு உறுதியான ஆர்டர் இருக்கிறது, மீதி 300 இருப்புக்கு என்றால், சிறிது காலம் 500 மட்டும் செய்யலாம். 1,900 சிப் அப்போது அக்டோபர் கடைசி வாரம் வரை வரும். ஆக, உண்மையில் தப்பிக்கத் தேவையானது நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்கும் மாதம் 500. இந்த சிப் 250 குழி கொண்ட ட்ரேயில் வரும். 500 என்றால் இரண்டு ட்ரே. பிரிக்கிறவர் கையில் ஒரு பெட்டி வந்தால், அதிலிருந்து இரண்டு ட்ரேயை எடுத்துத் தருவது அவரால் முடிகிற காரியம்.

பிறகு, வருடத் தேவையான 9,600-க்கும் மாதம் 800 வீதம் பிரித்து முழு ஆர்டரைப் போட்டுவிட்டு, அதன்மேல் போனில் பேச வேண்டும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"மேடம், ஆர்டர் உள்ளே ஏத்தியாச்சா?"

"ஏத்திட்டேன் சார். 52 வீக்ஸ் காட்டுது."

"அது ஃபேக்டரி கன்ஃபர்ம் பண்ணின தேதியா, சிஸ்டம் போட்ட தேதியா?"

"சிஸ்டம் தேதிதான் சார். ஃபேக்டரில இருந்து இன்னும் வரல."

"சரி. இந்தப் பார்ட் அலோகேஷன்ல இருக்கா? கம்பெனி பண்றதா, இல்ல உங்க பக்கம் பண்றதா?"

"கம்பெனியே பண்றாங்க சார். வர்றதை நாங்க இங்க பிரிக்கிறோம்."

"அடுத்த மூணு மாசத்துல உங்களுக்கு வரவேண்டிய லாட் ஏதாவது இருக்கா? அதுல யாருக்கும் ஒதுக்காதது இருக்கா?"

"செப்டம்பர் கடைசில ஒண்ணு இருக்கு. எல்லாமே புக் ஆயிருக்கு. ஆனா ஒருத்தர் தள்ளிப்போடுவார்னு நினைக்கிறேன்."

"அப்படித் தள்ளினா எனக்கு ரெண்டு ட்ரே போதும். நவம்பர் முதல் வாரத்துக்குள்ள வந்தாப் போதும். இதையே மெயில்லயும் எழுதி அனுப்பிடறேன், நீங்க உங்க மேனேஜருக்கு அப்படியே ஃபார்வேர்ட் பண்ணலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பங்கீட்டுக் கூட்டத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் பெண்தான். அவர் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டும். என்ன பொருள் செய்கிறோம், வருடத்துக்கு எத்தனை, இதுவரை அவர்களிடம் எத்தனை வாங்கினோம், கையில் என்ன இருக்கிறது, எந்த வாரம் லைன் நிற்கும், அது நிற்காமலிருக்கக் குறைந்தது எத்தனை வேண்டும். கையிருப்பை மறைக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றும். மறைக்காதீர்கள். 1,900 இருக்கிறது என்று சொல்லி, அக்டோபர் கடைசியில் தீரும் என்று கணக்குக் காட்டுபவரை நம்புவார்கள். 'கையில் ஒன்றுமில்லை' என்று ஜூலையில் சொன்னவர் செப்டம்பரிலும் போர்டு அனுப்பிக்கொண்டிருந்தால் அந்தச் செய்தி எப்படியும் காதுக்குப் போய்விடும். அடுத்த முறை அவர் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

இன்னொரு கேள்வியையும் அதே பேச்சில் கேட்டுவிட வேண்டும்: இதே சிப் வேறு எந்தக் குறியீட்டில் இருக்கிறது? C8T6 என்பதில் C என்றால் 48 கால், 8 என்றால் 64 கிலோபைட் நினைவகம், T என்றால் உறையின் வகை, 6 என்றால் 85 டிகிரி வரை தாங்கும் என்று பொருள். கடைசியில் TR சேர்ந்தால் அதே சிப் ட்ரேயில் வராமல் ரீலில் சுற்றி வரும், அவ்வளவுதான். 8-க்குப் பதில் B என்றால் நினைவகம் இரண்டு மடங்கு, கால்களின் அமைப்பு அதேதான். 6-க்குப் பதில் 7 என்றால் 105 டிகிரி வரை தாங்கும். இவை எல்லாமே அதே போர்டில் அதே இடத்தில் உட்காரும். ஆனால் கணினிக்கு ஒவ்வொன்றும் தனிப் பாகம். C8T6 என்று தட்டினால் பூஜ்யம் காட்டும், பக்கத்து வரியில் CBT6 இருந்தாலும் அது தானாகச் சொல்லாது. விற்பவருக்கு உங்கள் போர்டு தெரியாது, அவராகவும் சொல்லமாட்டார். ஆகவே உங்கள் பொறியாளரை முதலில் உட்காரவைத்து எதெல்லாம் ஒத்துக்கொள்ளலாம் என்று பட்டியல் வாங்கிக்கொண்டு பேசுங்கள். விலை கொஞ்சம் கூடும். நின்றுபோன லைனின் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு நிபந்தனை சொல்வார்: ரத்து செய்ய முடியாது, திருப்பித் தர முடியாது. இது அவராகக் கண்டுபிடித்த நிபந்தனையில்லை, மேலிருந்து வருவது. மைக்ரோசிப் நிறுவனம் 2021 பிப்ரவரியில் ஒரு திட்டம் அறிவித்தது. பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து செய்ய முடியாத, தேதி மாற்ற முடியாத ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னுரிமை என்றது. பொய் ஆர்டர்களை வடிகட்ட அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கு இந்த முறையில் குறை சொல்லத் தோன்றவில்லை. மூன்று மடங்கு கேட்பவர் மூன்று மடங்கு பணத்துக்கும் கையெழுத்துப் போடவேண்டும் என்றால் கை தயங்கும். ஆனால் சிறு நிறுவனத்துக்கு இது பெரிய பாரம். ஆகவே முழு 9,600-க்கும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உறுதியான மாதம் 500-க்குப் போடுங்கள், மீதி 300-ஐ வழக்கமான நிபந்தனையில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் பிறகும் கிடைக்காவிட்டால் புரோக்கர். அங்கே சரக்கு எப்போதும் இருக்கும், விலைதான் வேறு. பற்றாக்குறை உச்சத்தில் இருந்தபோது அங்கே வழக்கமான விலையைப்போல் பல மடங்கு கேட்டார்கள். சீனாவின் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு 2021 செப்டம்பரில் கார் சிப் விற்ற மூன்று நிறுவனங்களுக்கு விலையை ஏற்றியதற்காக மொத்தம் 25 லட்சம் யுவான் அபராதம் விதித்தது. விலையைவிடப் பெரிய ஆபத்து, பெயரைச் சுரண்டி மாற்றி அச்சடித்த சிப். STM32F103-க்கு ஒரு சோதனை உண்டு. புரோகிராமரை இணைத்தால் அசல் சிப் 0x1BA01477 என்று தன் அடையாள எண்ணைச் சொல்லும். சில நகல்கள் 0x2BA01477 என்று சொல்லும். இரண்டாவது எண் வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். முதல் எண் வந்தால் அசல் என்று நிச்சயமாகிவிடாது, ஏனென்றால் வேறு நகல்கள் அதே எண்ணையே சொல்லும். வாங்கத்தான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் சில மாதிரிகளை வாங்கி, போர்டில் ஏற்றி, சூட்டிலும் ஓட்டிப் பாருங்கள். புரோக்கர்களிடம் ஒரே எண்ணிக்கையைப் பத்து இடத்தில் கேட்காதீர்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்கள். உங்கள் 500 அந்தச் சந்தையில் 5,000-ஆகத் தெரியும், மாலைக்குள் விலை ஏறியிருக்கும்.

ஆர்டர் போட்டு, பேசி, மெயிலும் அனுப்பியான பிறகு வேலை முடிந்துவிடாது. ஆலை தேதி கொடுத்துவிட்டால், அந்தத் தேதியைத் தனியாக ஒரு தாளில் எழுதி, வாரம் ஒரு முறை நகர்கிறதா என்று பாருங்கள். தினமும் போன் செய்யாதீர்கள். நகர்ந்தால் மட்டும் காரணம் கேளுங்கள்: லாட் தாமதமா, இல்லை உங்கள் பங்கு வேறு பக்கம் போயிற்றா? முதலாவதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டாவதற்கு அந்தத் தாளோடு மேனேஜரைப் பார்க்க வேண்டும்.

2022-இன் பிற்பாதியில் நிலைமை மெல்லத் தளர்ந்தது. 2023-இல் அதே சிப்புகள் பல கிடங்குகளில் தேவைக்கு மேல் கிடந்தன, ரத்து செய்ய முடியாத ஆர்டர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. ஆகவே கையெழுத்துப் போடும் நாளிலேயே, ஒவ்வொரு மாதச் சரக்கையும் தள்ளிப்போட எந்தத் தேதி வரை சொல்லலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன்பே ஜனவரியின் இரண்டு ட்ரே வேண்டாம் என்று தெரிந்துவிட்டால், உடனே போன் செய்து விட்டுக்கொடுத்துவிடுங்கள். ஈரோட்டிலோ சேலத்திலோ இன்னொருவரின் லைன் அந்த இரண்டு ட்ரேக்காக நின்றுகொண்டிருக்கும், அந்தப் பெண் அன்றே அதை அவர் பெயருக்கு மாற்றிவிடுவார்.